சிவரூபனின் சுத்தமான ஒட்டு

கொக்குவிலில் சிவரூபனின் வானைக் காண்கிறவர்கள் முன் இருக்கையில் யாரோ பெல்ற் போட்டுக்கொண்டு இருப்பதாக நினைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு மஞ்சள் பெட்டி. பெட்டிக்குள் இருப்பது ஃபியூஷன் மெஷின், கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டுகிற கருவி. மனைவி உதயகலா எப்போதும் பின் இருக்கையில்தான்.

"கலியாணம் கட்டிப் பதினொரு வருஷத்திலை ஒருக்காத்தான் முன்னுக்கு இருந்தனான்" என்று அவர் சொல்வார். "அண்டைக்குப் பெட்டி சேர்விசுக்குக் கொழும்புக்குப் போயிருந்தது."

சிவரூபனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. கட்டாரில் ஆறு வருடம் வெயிலில் குழிக்குள் இருந்து கேபிள் ஒட்டியவர். அங்கே அவருக்குப் பாஸ்போட்டில் ஒரு பெயரும், கைப்பணியில் ஒரு மரியாதையும் இருந்தன. பாஸ்போட்டை முதலாளி வைத்திருந்தார். மரியாதை மட்டும் கையோடு இருந்தது. அதைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்தில் குகதாசனின் நிறுவனத்தில் சேர்ந்தார். குகதாசன் பெரிய தொலைபேசிக் கொம்பனி ஒன்றின் வேலைகளை வாங்கி வீடு வீடாக ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறவர். அவரிடம் ஆறு பேர் வேலை செய்தார்கள். ஃபியூஷன் மெஷின் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று சிவரூபனுடைய வானில் பெல்ற் போட்டுக்கொண்டு இருந்தது.

அவர் ஒட்டுவதை நின்று பார்க்க வேண்டும். கையைக் கழுவி, சாரத்தில் அல்ல, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துவாயில் துடைப்பார். இழையின் மேற்பூச்சை உரிப்பார். மயிரைப் போல மெல்லிய கண்ணாடி வெளியே வரும். ஸ்பிரிட் நனைத்த தாளால் அதை மூன்று தரம் இழுத்துத் துடைப்பார். மூன்றாம் தரம் 'கீச்' என்று சத்தம் வந்தால்தான் அவருக்குத் திருப்தி. பிறகு நுனியை நேர் செங்குத்தாக வெட்டி, இரண்டு நுனிகளையும் மெஷினுக்குள் எதிரும் புதிருமாகப் படுக்க வைத்து மூடியைச் சாத்துவார். திரையில் இரண்டு வெள்ளைத் தடிகள் கிட்டக் கிட்ட வரும். ஒரு மின்பொறி. இரண்டும் ஒன்று. பிறகு ஒட்டின் மேல் ஒரு சிறு உறையை இழுத்துச் சூடு காட்டி இறுக்குவார். திரையின் அடியில் வெளிச்சத்தின் இழப்பு தசம் பூச்சியம் இரண்டு டெசிபெல் என்று விழும். சிவரூபன் அந்த எண்ணைச் சுற்றி நிற்பவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். விளங்காவிட்டாலும் தலையாட்ட வேண்டும்.

மற்ற ஐந்து பேருக்கும் கிடைத்தது மெக்கானிக்கல். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்ரிக் துண்டு. உள்ளே ஒரு மெல்லிய நீளப் பள்ளம், நடுவில் ஒரு சொட்டு ஜெல். இரண்டு பக்கமும் இழையை வெட்டிச் செருகி, நுனிகள் முட்டியவுடன் அமத்திப் பூட்டிவிட்டால் முடிந்தது. உருக்குவது இல்லை, மின்சாரம் தேவையில்லை, ஏணியில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் செய்யலாம். இழப்பு கொஞ்சம் கூட: தசம் இரண்டு, தசம் மூன்று. காலப்போக்கில் ஜெல் காய்ந்தால், இழை இழுபட்டால், இன்னும் கூடும். அவசரத்துக்கு நல்ல மருந்துதான். சிவரூபன் அதை "கிளிப்" என்பார். தலைமயிருக்குக் குத்துகிற கிளிப்பைச் சொல்லும் அதே குரலில்.

அந்தக் கிளிப்பை அந்த ஆறு பேரில் மிகச் சுத்தமாகப் போட்டவர் ஜெசிதா. குருநகர்ப் பிள்ளை, முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், புருஷன் பிரான்சுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். முந்தி ரெலிபோன் திருத்தும் கடையில் இருந்தார். ஏணி ஏறும் பெண் என்பதால் முதல் மாதம் சனம் கூடி நின்று பார்த்தது; இரண்டாம் மாதம் அவருடைய வேலையைப் பார்த்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம். ஆவணி முடிய நிரந்தர நியமனக் கடிதம் தருவதாகக் குகதாசன் சொல்லியிருந்தார். ஜெசிதா அந்தக் கடிதத்தை நம்பிப் பிள்ளைகளைப் பட்டணத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்.

ஆவணி பிறந்து இரண்டாம் கிழமை, கோப்பாயில் ஒரு கலியாண மண்டபத்துக்கு வருகிற கேபிளின் மேல் பனையோலை ஒன்று விழுந்து, இழை அறுந்தது. அன்று திங்கள். புதனன்று அங்கே கலியாணம். ரொறன்ரோவில் இருக்கும் மாமன்மார், சித்திமார், அவர்களுடைய வங்கி நண்பர்கள் எல்லாம் அதிகாலையில் எழும்பி நேரலையில் பார்க்கப் போகிற கலியாணம். சிவரூபன் மெஷினோடு சாவகச்சேரியில் இருந்தார். ஜெசிதா தனியாகப் போனார், கிளிப் போட்டார், உள்ளே போய்ச் சுவரில் இருந்த இன்ரநெற் பெட்டிக்கு வருகிற வெளிச்சத்தை மீற்றரில் அளந்தார். மறை, அதாவது மைனஸ், இருபது தசம் மூன்று. இந்தக் கணக்கில் மறைக்குப் பிறகு வருகிற எண் கூடக் கூட வெளிச்சம் மங்கும்; மூன்று கூடினால் பாதி போய்விட்டது என்று அர்த்தம்; இருபத்தெட்டைத் தாண்டினால் பெட்டிக்குக் கண் தெரியாது. இருபது தசம் மூன்று என்றால் நல்ல பார்வை. ஜெசிதா அதைத் தன் வேலைப் புத்தகத்தில் எழுதி, மண்டப முகாமையாளரிடம் கையெழுத்தும் வாங்கினார்.

முகாமையாளர் தம்பிஐயா. ஓய்வுபெற்ற தபாலதிபர். பக்திமான். மண்டபத்தில் எந்த இயந்திரம் பழுதாகித் திருந்தினாலும் அதற்கு ஒரு பூசை செய்கிறவர். ஜெனறேற்றருக்குச் செய்திருக்கிறார், ஸ்பீக்கருக்குச் செய்திருக்கிறார், இடியப்பம் பிழிகிற மெஷினுக்கும் செய்திருக்கிறார். இன்ரநெற் உயிர்த்து வந்த செவ்வாய்க்கிழமை மாலை அதற்கும் ஏற்பாடு செய்தார். குளிப்பாட்டாமல் பொட்டு வைக்கக் கூடாது என்பதால் முதலில் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினார். கழற்றுவதற்கு அதன் பின்னால் செருகியிருந்த கேபிளின் பச்சைத் தலையை இழுத்தார். ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தார், விபூதி பூசினார், சந்தனம் வைத்தார், அதன் மேல் குங்குமம் வைத்தார். பச்சைத் தலையின் நுனியில் ஏதோ தூசி நிற்பதுபோல இருந்ததால் அதையும் பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, திரும்பச் செருகினார். எல்லாம் நல்ல மனதோடு.

அந்தப் பச்சைத் தலையின் நடுவில்தான் இழையின் வாய் இருக்கிறது. வெளிச்சம் வருகிற வழி ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவு. தூசி ஒன்று குந்தினாலே மறைத்துவிடும். அதில் இப்போது சந்தனமும் விபூதியும் இருந்தன.

புதன்கிழமை முகூர்த்தத்துக்கு முன் பெட்டியின் விளக்கு பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி மின்னியது. ரொறன்ரோத் திரைகளில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. பதினேழு நிமிடம் நின்றது. படம் திரும்பியபோது சனம் பந்தியில் இருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் அங்கிருந்து குகதாசனுக்கு எடுத்துப் பேசிய சொற்கள் கலியாண வீட்டுச் சொற்கள் அல்ல.

வியாழன் காலை குகதாசன் சிவரூபனையும் ஜெசிதாவையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"என்ன போட்டனீர் அங்கை?" என்று ஜெசிதாவைக் கேட்டார்.

"மெக்கானிக்கல், சேர். மெஷின் சாவகச்சேரியிலை."

"கிளிப்" என்றார் சிவரூபன், யாரையும் பார்க்காமல்.

"நான் விட்டிட்டு வரேக்கை இருபது தசம் மூண்டு, அண்ணை. எழுதியிருக்கிறன். கையெழுத்தும் இருக்கு."

"காலமை ஒண்டு காட்டும், மத்தியானம் இன்னொண்டு காட்டும், பிள்ளை. வெய்யில் பட்டால் உள்ளுக்கை இழை அசையும். நான் கட்டாரிலை எத்தினை கிளிப்பை வெட்டி எறிஞ்சனான் தெரியுமோ?"

இதில் பொய் இல்லை. வெயிலுக்கும் குளிருக்கும் மெக்கானிக்கல் ஒட்டின் இழப்பு மாறும். ஜெசிதாவுக்கும் அது தெரியும்.

"மாறும், அண்ணை. ஓம். ஆனால் மண்டபத்துக்குள்ளை பச்சைத் தலையை ஆரும் கழட்டினவையோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன். முதல் அதைத் துடைச்சுப் போட்டு..."

"தூசி தட்டுறதுக்கோ, சேர், என்னைக் கோப்பாய்க்கு அனுப்பப் போறியள்?"

குகதாசன் சிரித்தார். அங்கே நின்ற மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கும்போது சும்மா நிற்பது அங்கே வழக்கமில்லை.

"நானும் வாறன், சேர். நான் போட்டதை நானும் பாக்கவேணும்."

"நீர் நில்லும்" என்றார் குகதாசன். "சிவரூபன் பாத்திட்டுச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு உம்மடை கடிதத்தைப் பற்றிக் கதைப்பம்."

ஆக, கடிதம் இப்போது வானின் முன் இருக்கையில் பெட்டியோடு சேர்ந்து கோப்பாய்க்குப் போனது.

மண்டபத்தில் சிவரூபன் முதலில் அளந்தார். மறை இருபத்தொன்பது தசம் இரண்டு. 'சொன்னன் தானே' என்று தன்னோடு தானே சொல்லிக்கொண்டு வெளியே போய், ஏணி வைத்து, ஜெசிதாவின் கிளிப்பை வெட்டினார். வெட்டுவதற்கு முன் பார்த்திருக்கலாம். இழை எங்கே மங்குகிறது என்று தூரம் காட்டுகிற கருவி அவரிடம் இருந்தது. பச்சைத் தலையைப் பார்க்கிற பேனை அளவு பூதக்கண்ணாடியும் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து உறை கிழியாமல். வெட்டிய பிறகு அந்தக் கிளிப் குற்றவாளியா நிரபராதியா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நாட்டில் பல விசாரணைகள் இந்த ஒழுங்கிலேயே நடப்பதால் சிவரூபனை மட்டும் குறை சொல்ல இயலாது.

கேபிளை இறக்கி, வானின் பின் கதவைத் திறந்து, நிழல் பார்த்து மெஷினை வைத்தார். உரித்தார். மூன்று தரம் துடைத்தார். கீச். வெட்டினார். தம்பிஐயா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார்.

"ஐயோ, ரெண்டும் ஒண்டாப் போச்சே! என்ன அருமை!"

"தசம் பூச்சியம் இரண்டு, ஐயா."

தம்பிஐயா தலையாட்டினார்.

உள்ளே போய் மீற்றரை வைத்தார் சிவரூபன். மறை இருபத்தொன்பது.

மீற்றரை அணைத்து மறுபடி போட்டார். இருபத்தொன்பது. கிளிப்பை வெட்டியதில் வந்த லாபம் தசம் இரண்டு. ஒரு நல்ல கிளிப் தின்னுகிற அளவு, அவ்வளவுதான். மிச்சம் ஒன்பது டெசிபெல், வருகிற வெளிச்சத்தில் எட்டில் ஏழு பங்கு, இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பூதக்கண்ணாடியின் உறையைக் கிழித்தார். பச்சைத் தலையை அதில் வைத்துப் பார்த்தார். வட்டமான, வெள்ளையான, வெறுமையான ஒரு முகம் தெரிய வேண்டும். நடுவில் ஒரு புள்ளி. தெரிந்தது, மழைக்காலத்து ஒழுங்கைப் பாதை. மஞ்சள் சேறு, சேற்றில் சாம்பல் கட்டிகள், நடுப்புள்ளி இருந்த இடமே இல்லை.

"என்ன தம்பி, உதுக்குள்ளை பாக்கிறியள்?" என்றார் தம்பிஐயா.

"ஐயா, இதை ஆரும் கழட்டினவையோ?"

"ஓம், நான்தான். செவ்வாய்க்கிழமை பூசைக்கு. அந்தப் பிள்ளை வந்து திருத்தினதும் என்ன வேகம் எண்டு நினைக்கிறியள்! அந்தச் சந்தோஷத்திலை... நுனியிலை தூசி கிடந்தது, நல்லாத் துடைச்சுப் போட்டுத்தான் செருகினனான்."

"எதாலை துடைச்சனீங்கள்?"

தம்பிஐயா பெருவிரலைக் காட்டினார். அதில் அன்றைய விபூதி இருந்தது.

சிவரூபன் ஸ்பிரிட் போத்தலைத் திறந்தார். நூல் விடாத தாளில் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு, நுனியை ஒரே திசையில் இழுத்தார். காய்ந்த தாளில் இன்னொரு தரம் இழுத்தார். தாளில் மஞ்சள் கோடு விழுந்தது. மறுபடி பார்த்தார், ஓரத்தில் சாம்பல் உரசிய கீறல்கள் சில இருந்தன, நடு தப்பியிருந்தது. பெட்டியில் அது செருகுகிற துவாரத்துக்குள்ளும் ஒரு குச்சியை விட்டுத் துடைத்தார். பச்சைத் தலையைச் செருகுவதற்கு முன் கடைசியாக அளந்தார்.

மறை இருபது தசம் ஒன்று.

எல்லாமாக நான்கு நிமிடம். ஏணி தேவைப்படவில்லை, மெஷின் தேவைப்படவில்லை, கட்டார் தேவைப்படவில்லை.

ரெலிபோன் அடித்தது. குகதாசன்.

"என்ன மாதிரி?"

"இப்ப சரி, சேர். இருபது தசம் ஒண்டு."

"அப்ப அவளின்ரை ஜொயின்ற்தான்?"

சிவரூபனின் கையில் அந்தத் தாள் இருந்தது. ஒரு வசனம் போதும். 'இல்லை சேர், தலையிலை ஊத்தை' என்றால் முடிந்தது. ஆனால் அந்த வசனத்துக்குப் பின்னால் இன்னும் சில வசனங்கள் வரிசையில் நின்றன. 'அப்ப ஏன் காணும் வெட்டினீர்?' 'அவள் சொல்லேக்கை நீர் என்ன சொன்னீர்?' அதற்குப் பின்னால் அந்த நான்கு பேரின் சிரிப்பு, இம்முறை வேறு திசையில்.

"அதை வெட்டி எடுத்திட்டு ஃபியூஷன் போட்டாச்சு, சேர். இப்ப நல்லா வேலை செய்யுது."

"எனக்குத் தெரியும் காணும்" என்றார் குகதாசன். தம்பிஐயா ரெலிபோனை வாங்கி, தம்பியின் கைராசியைப் பற்றித் தானும் இரண்டு சொல்லுச் சொன்னார்.

அன்று பின்னேரம் சிவரூபன் அறிக்கை எழுதினார். 'வெளிச்சம் மறை 29.2 ஆக இருந்தது. மெக்கானிக்கல் ஒட்டு அகற்றப்பட்டது. ஃபியூஷன் ஒட்டுப் போடப்பட்டது. தற்போது மறை 20.1. பழுது நீங்கியது.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நேர்மையானவர்கள் ஒருவரைக் கெடுக்கும்போது இப்படித்தான் செய்கிறார்கள். பொய் சொல்லுகிறவனிடம் கூட ஒரு பதற்றம் இருக்கும்.

மாதக் கடைசியில் ஜெசிதாவுக்குக் கடிதம் கிடைத்தது. சேவை இனித் தேவைப்படாது என்ற கடிதம். வேலைச் சாமான் பைகளை ஒப்படைக்க அலுவலகத்துக்கு வந்தவர், மேசையில் கிடந்த கோப்பைத் திறந்து அறிக்கையை வாசித்தார். யாரும் தடுக்கவில்லை. சிவரூபன் மூலையில் நின்று ஒட்டுக்குப் போடுகிற உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சிவரூபண்ணை."

"சொல்லு பிள்ளை."

"என்ரை புத்தகத்திலை இருபது தசம் மூண்டு. நீங்கள் எழுதினது இருபது தசம் ஒண்டு. இடையிலை தசம் இரண்டு. அது என்ரை கிளிப். ஒத்துக்கொள்ளுறன்."

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"மற்ற ஒன்பதும் எங்கை கிடந்தது?"

"கிளிப் எண்டால் அப்பிடித்தான், பிள்ளை. ஒரு நேரம் நல்லா இருக்கும், ஒரு நேரம்..."

"ஒட்டி முடிச்ச உடனை என்ன காட்டினது? அதை எழுதேல்லை."

"பாக்கேல்லை" என்றார் சிவரூபன்.

ஜெசிதா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். ஒட்டிவிட்டு அளக்காத மனிதன் என்று யாழ்ப்பாணத்தில் வேறு யாராவது அவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் சிவரூபன் சண்டைக்குப் போயிருப்பார். அவர் அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"பச்சைத் தலை ஊத்தையாத்தானே கிடந்தது, அண்ணை?"

சிவரூபன் உறைகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

"சரி. பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வாற நேரம்" என்று சொல்லி, வேலைப் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனார். அது அலுவலகச் சொத்து, வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று குகதாசன் பின்னால் கூப்பிட்டார். ஜெசிதா திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நிறுவனத்தில் ஒரு சட்டம் வந்தது: இனி யாரும் மெக்கானிக்கல் போடக் கூடாது, எல்லாம் ஃபியூஷன். மெஷின் இன்னும் ஒன்றுதான். ஆகவே கோப்பாயில் அறுந்தாலும் கொடிகாமத்தில் அறுந்தாலும் சிவரூபனைப் பார்த்துக்கொண்டு சனம் நான்கு நாள் இருக்கிறது. அவருடைய மதிப்பு கூடிவிட்டது.

இப்போது அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரரை ஏதாவது சாட்டு வைத்து வெளியே அனுப்புகிறார். ஏணி கொண்டுவாருங்கோ, தண்ணி கொண்டுவாருங்கோ என்பார். அவர்கள் திரும்புவதற்குள் பச்சைத் தலையைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, செருகிவிடுகிறார். பாதிப் பழுதுகள் அதிலேயே தீர்ந்துவிடுகின்றன. தீர்ந்த பிறகும் வெளியே போய், நல்லாக இருக்கிற இழையை வெட்டி, எல்லோரும் பார்க்க ஒரு ஒட்டுப் போடுகிறார்.

"அந்த ஏணி ஏறிற பிள்ளையைக் கனநாளாக் காணேல்லை. என்ன செய்யிறாள்?" என்று ஒரு நாள் பின் இருக்கையிலிருந்து உதயகலா கேட்டார்.

"அவளுக்கு வேறை இடத்திலை நல்ல வேலை கிடைச்சிட்டுது" என்றார் சிவரூபன்.

அன்று காலைதான் ஜெசிதா பிள்ளைகளைப் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.